கணக்குக் கேட்க ஆளில்லாத அறக்கட்டளை

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு திருத்தச் சட்டம், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து 213-ஆவது பிரிவை நீக்கிவிட்டது. சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களின் நேரடி உரிமையியல் எல்லைக்குள் எழுதப்பட்ட உயிலுக்கும், அந்த எல்லைக்குள் உள்ள வீடு, மனைகள் பற்றிய உயிலுக்கும், புரோபேட் எனப்படும் நீதிமன்ற மெய்ப்புச் சான்று பெற்றாக வேண்டும் என்று இந்து, பௌத்த, சீக்கிய, சமண, பார்சி சமயத்தினர் மீது அந்தப் பிரிவு விதித்திருந்த கட்டாயம் அதோடு முடிந்தது.

நீதிமன்றப் படியேறாமல் சொத்தைக் கைமாற்ற வேண்டுமானால் குடும்ப அறக்கட்டளைதான் வழி என்று சொல்லி வந்தவர்களின் முதன்மையான வாதம் இதனால் வலுவிழந்திருக்கிறது. ஆயினும், நடுத்தரக் குடும்பங்கள் வரை வந்துவிட்ட கேள்வி அப்படியே நிற்கிறது: ஒரு வீடும் கொஞ்சம் வைப்புத் தொகையும் உடையவர்களுக்கு உயில் போதுமா, அல்லது அறக்கட்டளை வேண்டுமா? பெரும்பாலான குடும்பங்களுக்கு உயில் போதும். போதாத குடும்பங்களும் சில உண்டு. அவற்றுக்கும்கூட, அறக்கட்டளைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அதன்படி நடப்பவரிடம் கணக்குக் கேட்க ஒருவர் இருக்கிறாரா என்பதே முக்கியம்.

இரண்டும் எங்கே வேறுபடுகின்றன?

இங்கே பேசப்படுவது பள்ளிக்கூடமோ அன்னதானமோ நடத்தும் பொது அறக்கட்டளை அன்று. ஒருவர் தம் சொத்தை நம்பிக்கைக்குரிய சிலரிடம் ஒப்படைத்து, அதன் பயன் தம் குடும்பத்தில் இன்னாருக்குச் சேர வேண்டும் என்று கட்டுப்படுத்தி வைக்கும் தனியார் ஏற்பாடு இது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் இதை ஆள்கிறது.

சொத்தைத் தருபவர் நிறுவுநர். அதைப் பெற்று நிர்வகிப்பவர் அறங்காவலர். பயனை அனுபவிப்பவர் பயனாளி. சொத்து அறங்காவலர் பெயரில் இருக்கும். ஆனால் அவர் அதைத் தமக்காக வைத்திருப்பதில்லை. குடும்ப அறக்கட்டளை என்பது ஒரு கம்பெனியைப் போலத் தனிச் சட்ட உருவம் பெற்றதன்று என்பதால், பட்டாவிலும் வங்கிக் கணக்கிலும் 'இன்ன அறக்கட்டளையின் அறங்காவலர்' என்ற அடைமொழியோடு மனிதர்களின் பெயர்களே இடம்பெறுகின்றன.

உயில் எழுதியவர் இறந்த பிறகே உயிர் பெறுகிறது. அதுவரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமன்று, எழுதியவர் கையெழுத்தும், அதற்குச் சான்றாக இருவர் கையெழுத்தும் இருந்தால் போதும். வாழ்நாளில் நிறுவப்படும் அறக்கட்டளையோ எழுதிய அன்றே நடைமுறைக்கு வருகிறது. வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தானால் அந்தப் பத்திரம் பதிவாகியே தீர வேண்டும். பதிவானதும் சொத்து நிறுவுநரின் கையைவிட்டுப் போகிறது.

இந்தக் கால வேறுபாட்டில்தான் உயிலின் பெரிய குறை ஒன்று ஒளிந்திருக்கிறது. சொத்துக்குரியவர் பக்கவாதத்தாலோ மறதி நோயாலோ முடிவெடுக்க இயலாத நிலைக்குப் போய் ஆறேழு ஆண்டுகள் படுக்கையில் இருந்தால், அத்தனை ஆண்டுகளும் உயில் வெறும் காகிதமாகவே கிடக்கும். அவர் முன்பு கொடுத்து வைத்த பொது அதிகாரப் பத்திரமும், கொடுத்தவர் மனநலம் இழந்தவுடன் ஒப்பந்தச் சட்டத்தின்படி செல்லாததாகிவிடும். தந்தைக்காக மகன் கையெழுத்திட வங்கி மறுப்பது இத்தகைய நேரங்களில்தான்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்ளலாம். கணவன், மனைவி இருவரும் அறுபத்தைந்தைக் கடந்தவர்கள். தாம்பரத்தில் சுயசம்பாத்தியத்தில் கட்டிய இரண்டு மாடி வீடு. அதன் வழிகாட்டி மதிப்பு 80 லட்சம் ரூபாய். ஒரு தளத்திலிருந்து மாதம் 15,000 ரூபாய் வாடகை வருகிறது. வங்கியில் 30 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை. 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 2.1 லட்சம், அதாவது மாதம் 17,500 ரூபாய். மூத்த மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இருபத்துநான்கு வயதான இளைய மகனுக்கு அறிவுசார் குறைபாடு. பணத்தை எண்ணத் தெரியாது, கையெழுத்துப் போடச் சொன்னால் எதிலும் போட்டுவிடுவார்.

இந்தப் பெற்றோர் உயில் எழுதினால் அவர்கள் முன் மூன்று வழிகள்தான் இருக்கும். சொத்தை மகன் பெயருக்கு எழுதினால், அதை ஆளத் தெரியாத ஒருவரிடம் முழு உரிமையும் போய்ச் சேரும். 'தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற வேண்டுகோளோடு மகள் பெயருக்கு எழுதினால், மகள் முழு உரிமையாளராகிவிடுவார். வேண்டுகோள் அவருடைய மனச்சாட்சியைத்தான் கட்டும். அந்த வீட்டின் மீது மகளின் கடன்காரர்களோ, மகள் தம்பிக்கு முன்பே இறந்தால் அவருடைய வாரிசுகளோ உரிமை கோருவதை எந்த வேண்டுகோளாலும் தடுக்க முடியாது. இருவருக்கும் பாதிப் பாதி என்று பிரித்தால், இரண்டு குறைகளும் ஒருசேர வந்து சேரும்.

ஒருவருக்கு நிர்வாகமும் இன்னொருவருக்குப் பயனும் என்று சொத்துரிமையைப் பிரித்து வைக்கும் ஏற்பாடு தேவைப்படும் இடம் இதுதான். மகனின் ஆயுள்காலம் முழுவதும் வாடகையும் வட்டியும் அவருடைய உணவு, மருத்துவம், பராமரிப்பாளர் சம்பளம் ஆகியவற்றுக்கே செலவாக வேண்டும், அவருக்குப் பின் எஞ்சிய சொத்து மகளுக்கோ மகளின் பிள்ளைகளுக்கோ போக வேண்டும் என்று அறக்கட்டளையில் எழுதலாம். தலைமுறை தலைமுறையாகச் சொத்தைப் பூட்டி வைக்க மட்டும் முடியாது. உயிரோடு இருப்பவர்களின் ஆயுள்காலமும், அது முடியும்போது இருக்கும் குழந்தைக்குப் பதினெட்டு நிறையும் காலமும் கடந்து உரிமை சேருவதைத் தள்ளிப்போடும் ஏற்பாட்டைச் சொத்து மாற்றுச் சட்டம் ஏற்பதில்லை.

அறங்காவலர் என்னும் பொறுப்பு

அறங்காவலராக இருக்கச் சொல்லி உறவினரைக் கேட்பது, கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடக் கேட்பதைப் போலவே பல வீடுகளில் நடக்கிறது. கேட்கப்படுபவரும் மரியாதைக்காகத் தலையசைத்துவிடுகிறார். சட்டத்தின் பார்வையில் அந்தத் தலையசைப்பு மிகப் பெரிய காரியம். ஏற்க மறுக்கும் உரிமை யாருக்கும் உண்டு. ஏற்றபின் விலகும் உரிமை எளிதில் கிடைப்பதில்லை. நீதிமன்றத்தின் அனுமதி, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள பயனாளியின் சம்மதம், பத்திரத்திலேயே தரப்பட்ட சிறப்பு அதிகாரம் ஆகிய மூன்றில் ஒன்று வேண்டும். மேற்கண்ட குடும்பத்தில் பயனாளியான மகனால் சம்மதம் தர இயலாது. ஆகவே பத்திரத்தில் விலகுவதற்கான வழி எழுதப்படாவிட்டால், எழுபது வயதான சித்தப்பாகூட நீதிமன்றம் போய்த்தான் பொறுப்பிலிருந்து விடுபட வேண்டும்.

ஏற்றவுடன் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, சொத்தின் நிலை என்ன, அதன் மீது வழக்கோ வில்லங்கமோ உண்டா, பணம் எங்கே எந்தப் பெயரில் இருக்கிறது என்று முழுமையாக அறிந்து கொள்வது. அதன்பின் அவரிடம் எதிர்பார்க்கப்படுவது, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் அளவிலான அக்கறை. இந்த அளவுகோல் கடுமையானதன்று. நம்பகமான ஒருவரின் உண்டியலை நம்பிப் பயனாளிக்குப் பணம் அனுப்பிய அறங்காவலர், அந்த உண்டியல் எதிர்பாராமல் பணமாகாமல் போனால் இழப்பை ஈடுகட்ட வேண்டியதில்லை என்று 1882-ஆம் ஆண்டுச் சட்டமே கல்கத்தாவையும் பம்பாயையும் வைத்து எடுத்துக்காட்டுச் சொல்கிறது. நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் செய்த காரியம் தவறிப் போனால் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. வாடகைதாரர் இரண்டு ஆண்டுகள் பாக்கி வைத்தும் கேளாமல் இருப்பதை அது பொறுத்துக்கொள்வதில்லை.

பணத்தையும் அவர் விருப்பம்போல் முதலீடு செய்ய முடியாது. உடனடியாகச் செலவிடத் தேவைப்படாத தொகையை, பத்திரம் அனுமதித்தவற்றிலோ மத்திய அரசு இதற்கென அறிவித்தவற்றிலோதான் போட வேண்டும். கூடுதல் வட்டி தருவதாகச் சொல்லும் சீட்டு நிறுவனத்தில் போட்டு முதல் போய்விட்டால், அந்த இழப்பு அவருடையது. ஒரு தவறான முதலீட்டில் வந்த நட்டத்தை, இன்னொரு தவறான முதலீட்டில் கிடைத்த லாபத்தோடு கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தரவில்லை: லாபம் அறக்கட்டளைக்கு, நட்டம் அறங்காவலருக்கு.

தம் ஆதாயத்துக்காக அறக்கட்டளைச் சொத்தை அவர் பயன்படுத்தக் கூடாது. வீட்டை விற்கும் பொறுப்பு அவரிடம் இருந்தால், நேரடியாகவோ வேறொருவர் பெயரிலோ அதைத் தாமே வாங்கக் கூடாது. சந்தை விலை கொடுத்து வாங்கியதாகச் சொன்னாலும் அந்தக் கொள்முதல் நிற்காது. பத்திரத்தில் குறிப்பிடாத வரையில் அவருக்கு ஊதியமும் கிடையாது. பத்து, இருபது ஆண்டுகள் வாடகை வசூலித்து, மராமத்துப் பார்த்து, வரி கட்டி வரும் ஒருவருக்கு ஒன்றும் தராமல் இருப்பது நியாயமுமன்று, நீடிக்கவும் நீடிக்காது. மாதம் ஒரு சிறு தொகையைப் பத்திரத்திலேயே நிர்ணயிப்பது, அவர் வேறு வழிகளில் எடுத்துக்கொள்ளும் ஆசையைக் குறைக்கும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விதிகள் உள்ளன. அறங்காவலர்கள் பலராக இருந்தால், பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாத வரையில் அனைவரும் சேர்ந்தே செயல்பட வேண்டும். தம் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதும், பத்திரம் அனுமதித்தல், வழக்கமான அலுவல் நடைமுறை, தவிர்க்க முடியாத தேவை, தகுதியுள்ள பயனாளியின் சம்மதம் ஆகிய விலக்குகள் தவிரப் பிற இடங்களில் கூடாது. எனவே சிங்கப்பூரில் இருக்கும் மகள், உள்ளூர் நண்பர் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்க முடியாது. இந்தியாவுக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதம் இருக்கும் அறங்காவலருக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கவும் சட்டம் வழிசெய்கிறது. இதைக் காரணம் காட்டி மகளையே நீக்கப் பின்னாளில் ஒருவர் முயலலாம். மகள் தொடர வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பமானால் அதற்கான வாசகம் பத்திரத்தில் இருந்தாக வேண்டும்.

அக்காவுக்கும் தம்பிக்கும் இடையில்

மகளை அறங்காவலராக்குவது இயல்பான தேர்வு. தம்பியை அவரைவிட நேசிப்பவர் வேறு யாரும் இருக்கப் போவதில்லை. ஆனால் தம்பிக்குப் பின் சொத்து அவருக்கே வரும் என்றும் பத்திரம் சொல்கிறது. தம்பிக்காகச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் பிற்காலத்தில் அக்காவுக்கு வர வேண்டியதில் ஒரு ரூபாயைக் குறைக்கிறது. கூடுதலாக ஒரு பராமரிப்பாளரை வைப்பதா, வீட்டுக்கு வெள்ளையடிப்பதா என்று முடிவெடுக்கும் நேரத்தில், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவருக்கும் இந்த ஈர்ப்பு இருக்கும்.

ஒரு பயனாளிக்காக இன்னொருவரைப் பாதிக்காமல் நடுநிலையாகச் செயல்பட வேண்டும் என்ற கடமையைச் சட்டம் விதித்திருப்பது இதற்காகத்தான். தெளிவான, துல்லியமான கணக்கு வைத்து, பயனாளி கேட்கும்போதெல்லாம் காட்ட வேண்டும் என்பதும் கடமையே. கடமை தவறினால் இழப்பை ஈடுசெய்யக் கோரிப் பயனாளி வழக்குத் தொடரலாம். இங்கேதான் சட்டத்தின் அடிப்படை அனுமானம் ஒன்று வெளிப்படுகிறது: பயனாளி கேட்பார், பார்ப்பார், வழக்குத் தொடுப்பார் என்று எண்ணியே இந்தக் காவல்கள் அமைக்கப்பட்டுள்ளன. யாருக்கு அறக்கட்டளை மிகவும் தேவையோ, அவரால் இவற்றில் ஒன்றையும் செய்ய இயலாது.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உடையவர்களுக்காக 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இந்த ஓட்டை நன்றாகத் தெரியும். அந்தச் சட்டத்தின்படி, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு பதினெட்டு வயது நிறைந்தவருக்கும் சட்டக் காப்பாளர் ஒருவரை நியமிக்கலாம். அந்தக் காப்பாளர், தாம் நியமிக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தனியார் அறக்கட்டளையின் அறங்காவலரோ, வருமான வரித் துறையைத் தவிர வேறு எந்த அலுவலகத்துக்கும் ஆண்டுதோறும் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. பொது அறக்கட்டளைகளுக்கு இருக்கும் கண்காணிப்பில் ஒரு பங்குகூடக் குடும்ப அறக்கட்டளைகளுக்கு இல்லை.

இரண்டையும் இணைத்துக்கொள்வதே இதற்கு மாற்று. மகனுக்குச் சட்டக் காப்பாளராக ஒருவரையும், அறங்காவலர்களாக வேறு இருவரையும் அமைத்து, ஆண்டுக் கணக்கைக் கேட்கும் உரிமையைக் காப்பாளருக்குப் பத்திரத்திலேயே கொடுத்துவிட்டால், மகன் சார்பில் கேள்வி கேட்க ஒரு வாய் கிடைக்கிறது. அறங்காவலர்களுள் ஒருவர் மகளாக இருக்கலாம். மற்றவர் இறுதிச் சொத்தில் எந்தப் பங்கும் பெறாதவராக இருப்பது அவசியம். இவர்களைக் கண்காணித்துத் தேவைப்பட்டால் மாற்றும் அதிகாரத்தைக் கண்காணிப்பாளராக மூன்றாம் மனிதர் ஒருவருக்குக் கொடுப்பதையும் சட்டம் தடுக்கவில்லை.

செலவும் வரியும்

தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர் பெயருக்கு எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை உச்சவரம்போடு கூடிய சலுகையாக உள்ளது. மற்றவர்களுக்கு எழுதினால் சொத்து மதிப்பில் 7 சதவீதம். சலுகை உறவைப் பொறுத்தது. அறங்காவலராக வரும் ஒருவர் குடும்பத்துக்கு வெளியே இருந்தால் எந்தக் கணக்கில் தீர்வை விதிக்கப்படும் என்பதைப் பத்திரம் எழுதும் முன்பே சார்பதிவாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். 80 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 7 சதவீதம் என்றால் 5.6 லட்சம் ரூபாய், பதிவுக் கட்டணம் தனி. உயிலில் இந்தச் செலவு எதுவும் இல்லை.

வருமான வரியில் ஒரே ஒரு வாசகம் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். வருமானம் முழுவதும் மகனுக்கே என்று பங்கு தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தால், அந்த வருமானம் மகனுடைய வருமானமாகவே கருதப்பட்டு அவருக்குரிய விகிதத்தில் வரி கணக்கிடப்படும். ஆண்டு வாடகை 1.8 லட்சத்தில் 30 சதவீதக் கழிவு போக 1.26 லட்சம், வட்டி 2.1 லட்சம்; மொத்தம் 3.36 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை என்பதால், கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

மாறாக, 'மகனுக்கோ மகளுக்கோ பேரக்குழந்தைகளுக்கோ அறங்காவலர்கள் தம் விருப்பப்படி பகிர்ந்தளிக்கலாம்' என்று எழுதியிருந்தால், சில விலக்குகள் நீங்கலாக, முதல் ரூபாயிலிருந்தே உச்ச விகித வரி தொடங்கும். 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் மட்டும் சேர்த்தாலே அதே 3.36 லட்சத்துக்கு ஏறத்தாழ 1.05 லட்சம் ரூபாய் போய்விடும். வேறொருவர் பத்திரத்தின் நகலை வாங்கிப் பெயர்களை மட்டும் மாற்றி எழுதுவோர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. செல்வந்தர்களுக்குத் தேவைப்படும் நெகிழ்வு இந்தக் குடும்பத்துக்குச் சுமைதான்.

நிறுவுநர் வேண்டும்போது ரத்து செய்யலாம் என்று எழுதினால், வரிச் சட்டம் அந்த அறக்கட்டளையைக் கண்டுகொள்ளாமல், வருமானத்தை நிறுவுநருடையதாகவே சேர்த்துக்கொள்ளும். அப்படி எழுதாவிட்டாலோ, எல்லாப் பயனாளிகளும் ஒப்பந்தத் தகுதியுள்ளவர்களாக இருந்து சம்மதித்தால்தான் பின்னர் ரத்து செய்ய முடியும். இந்த மகன் விஷயத்தில் அதற்கு வழியே இல்லை.

அறக்கட்டளையால் ஆகாதவை

பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒருவருக்குள்ள பங்கை உயில் மூலம் எழுதி வைக்க இந்து வாரிசுரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதே பங்கை, மற்றப் பங்காளிகளின் சம்மதமின்றி, வாழ்நாளில் இலவசமாக மாற்றிக் கொடுத்தால் செல்லாது. ஆக, பூர்வீக வீட்டின் பங்கை வைத்து அறக்கட்டளை தொடங்க நினைப்பவர் முதலில் பாகப்பிரிவினையை முடித்தாக வேண்டும். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு சொத்தை அறக்கட்டளைக்கு மாற்றினாலும் அந்த மாற்றத்தை அவர்கள் நீதிமன்றத்தில் உடைக்கலாம். அடமானத்தில் உள்ள வீட்டுக்கு வங்கியின் ஒப்புதல் வேண்டும்.

பல குடும்பங்களில் நடப்பது வேறொரு தவறு. பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வைப்புத் தொகை பழைய பெயரிலேயே புதுப்பிக்கப்படுகிறது, வாடகை தந்தையின் சேமிப்புக் கணக்குக்கே போகிறது. நிறுவுநர் தாமே அறங்காவலராக இருந்தால் தவிர, சொத்து ஒப்படைக்கப்படாமல் வாழ்நாள் அறக்கட்டளை உருவாவதில்லை. அறக்கட்டளைக்குத் தனியாக நிரந்தரக் கணக்கு எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ளனவா, வில்லங்கச் சான்றிதழில் பத்திரப் பதிவு தெரிகிறதா, பட்டாவும் சொத்துவரி ரசீதும் மாறியுள்ளனவா என்று பார்த்தால், உண்மையில் அறக்கட்டளை இருக்கிறதா இல்லையா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

என்ன செய்யலாம்?

பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்து, தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளக் கூடியவர்களாக உள்ள குடும்பத்துக்கு நல்ல உயில் ஒன்றே போதுமானது. புரோபேட் கட்டாயம் நீங்கினாலும் உயிலை மெய்ப்பிக்கும் பொறுப்பு நீங்கவில்லை. சர்ச்சை எழுந்தால் சாட்சிகளில் ஒருவரேனும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். ஆகவே சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாகவும், சொத்தில் பங்கு பெறாதவர்களாகவும் இருக்க வேண்டும். உயிலைப் பதிவு செய்வதும், ஒரு வாரிசுக்குக் குறைவாகக் கொடுத்திருந்தால் அதன் காரணத்தை உயிலிலேயே எழுதுவதும் பிற்காலச் சந்தேகங்களைக் குறைக்கும்.

தாம்பரம் குடும்பத்தைப் போன்றவர்களுக்கு இரண்டையும் கலந்த வழி ஏற்றது. வைப்புத் தொகையில் 10 லட்சம் ரூபாயை மட்டும் கொண்டு, மகனை ஒரே வருமானப் பயனாளியாக்கி, இப்போதே அறக்கட்டளையைத் தொடங்கலாம். பணத்தை மட்டும் ஒப்படைப்பதால் வீட்டு மதிப்பின் மீதான முத்திரைத் தீர்வை எழாது. வீட்டையும் மீதித் தொகையையும், தங்களுக்குப் பின் அதே அறக்கட்டளையின் அறங்காவலர்களுக்குச் சேரும்படி இருவரும் தனித்தனி உயிலில் எழுதி வைக்கலாம். வாழும் காலத்தில் வீடு அவர்களுடையதாகவே இருக்கும். மனம் மாறினால் உயிலை மாற்றிக்கொள்ளவும் முடியும். வீட்டு வாடகை இந்த ஏற்பாட்டின் காப்புக்குள் உடனே வராது என்பது குறைதான்; பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் செயலிழந்தால், அதுவரை ஒப்படைத்த தொகை மட்டுமே மகனுக்கு உதவும். அந்த அச்சம் உள்ளவர்கள் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம்.

பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அறங்காவலர்களின் நடத்தையைப் பார்த்துவிட முடியும் என்பது இந்த வழியின் இன்னொரு நன்மை. இரண்டு ஆண்டுகள் போனபின், வட்டி உரிய நேரத்தில் செலவாகிறதா, ரசீதுகள் இருக்கின்றனவா, கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்களா என்பதைப் பார்த்து, ஆட்களை மாற்ற வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

பத்திரம் எழுதும்போது வழக்கறிஞரிடம் வற்புறுத்திச் சேர்க்க வேண்டிய வாசகங்கள் அதிகமில்லை. அறங்காவலர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவர் யார், அவருக்கும் அடுத்தவர் யார் என்று பெயர்கள் இருக்க வேண்டும். மகன் சம்மதிக்க இயலாதவர் என்பதால், அறங்காவலர் மூன்று மாத முன்னறிவிப்போடு விலகும் வழி இருக்க வேண்டும். வீட்டை விற்கும் அதிகாரம் எந்தச் சூழ்நிலையில், யாருடைய ஒப்புதலோடு என்பது வேண்டும்.

கணக்கு பற்றிய வாசகம் இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையாக இருப்பது நல்லது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாத இறுதிக்குள் வரவு செலவுக் கணக்கையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் சட்டக் காப்பாளருக்கும் கண்காணிப்பாளருக்கும் அனுப்ப வேண்டும் என்றும், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அனுப்பத் தவறும் அறங்காவலர் அந்தத் தவறினாலேயே பொறுப்பிலிருந்து நீங்கியவராவார் என்றும், அவருடைய இடத்துக்குப் பட்டியலில் அடுத்துள்ளவரைக் கண்காணிப்பாளர் எழுத்து மூலம் நியமித்து வங்கிக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் எழுதிவிடலாம்.